சப்ளையர் ரேட்டிங்: AVERAGE போட்டால் 88.3 வருகிறது, ஸ்டோர்ஸ் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது

பர்சேஸ்_டெஸ்க்

காலாண்டு சப்ளையர் ரேட்டிங் ரிப்போர்ட்டில் ஒரு குழப்பம், உதவி வேண்டும். ஒவ்வொரு மாதமும் வந்த டெலிவரி எத்தனை, அதில் குறித்த தேதிக்குள் வந்தது எத்தனை என்று எடுத்துச் சதவீதம் போடுகிறோம். அந்த மூன்று மாதச் சதவீதங்களின் சராசரிதான் காலாண்டு மதிப்பெண். 'க' சப்ளையரின் கணக்கு இது:

| மாதம் | டெலிவரி | நேரத்துக்கு வந்தவை | சதவீதம் |
|---|---|---|---|
| முதல் | 5 | 5 | 100 |
| இரண்டாம் | 5 | 5 | 100 |
| மூன்றாம் | 40 | 26 | 65 |

AVERAGE போட்டால் 88.3. 'ச' சப்ளையரிடம் மாதம் 20 டெலிவரி. நேரத்துக்கு வந்தவை 17, 17, 16. அவருக்கு 83.3. ஆக ரிப்போர்ட்டில் 'க' முன்னால் நிற்கிறார். ஆனால் ஸ்டோர்ஸில் யாரைக் கேட்டாலும் 'க' மேல்தான் புகார். ஃபார்முலாவை வரிவரியாகப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. வேறு எங்கே இடிக்கிறது?

ரிப்போர்ட்_ராஜா

வெயிட்டேஜ் போடவில்லை, அதுதான் காரணம். தரத்துக்கு 40, டெலிவரிக்கு 40, விலைக்கு 20 என்று கொடுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

கணக்கு_நோட்டு

ராஜா சொல்லும் வெயிட்டேஜ் தேவைதான், ஆனால் இந்தச் சிக்கலை அது தீர்க்காது. அது மேல்மட்ட எடை. இங்கே கோளாறு அதற்குக் கீழே, டெலிவரி மதிப்பெண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

AVERAGE மூன்று மாதத்தையும் சமமாக எடுத்துக்கொள்கிறது. 5 டெலிவரி நடந்த மாதத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு, 40 நடந்த மாதத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் முதல் மாதத்தின் ஒரு டெலிவரிக்கு மூன்றாம் மாதத்தின் ஒரு டெலிவரியைவிட எட்டு மடங்கு செல்வாக்கு கிடைக்கிறது. ஸ்டோர்ஸ்காரர்கள் மாதக் கணக்கில் காத்திருப்பதில்லை, வண்டிக் கணக்கில் காத்திருக்கிறார்கள். 50 வண்டியில் 14 தாமதமாக வந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 36-ஐ 50-ஆல் வகுத்தால் 72 சதவீதம். அவர்கள் சொல்வது இந்த 72-ஐத்தான்.

சதவீதத்தை வைத்தே கணக்கிட வேண்டுமென்றால், B-யில் டெலிவரி, C-யில் நேரத்துக்கு வந்தவை, D-யில் சதவீதம் என்று வைத்துக்கொண்டு:

```
=SUMPRODUCT(B2:B4,D2:D4)/SUM(B2:B4)
```

5×100, 5×100, 40×65 மூன்றையும் கூட்டினால் 3600. அதை 50-ஆல் வகுத்தால் அதே 72. எண்ணிக்கை கையில் இருக்கும்போது இந்தச் சுற்றுவழிகூட வேண்டாம், `=100*SUM(C2:C4)/SUM(B2:B4)` போதும். சதவீதத்தைத் திரும்பச் சராசரி எடுக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

'ச' சப்ளையரைப் பாருங்கள். அவருக்கு மாதாமாதம் 20 என்று சமமாக வந்ததால் இரண்டு முறையிலும் 83.3தான். எண்ணிக்கை சீராக இருக்கும் சப்ளையரிடம் AVERAGE-இன் குறை தெரியவே தெரியாது. அதனால்தான் பல காலாண்டுகள் யாருக்கும் சந்தேகம் வராமல் போகும்.

இப்போது ராஜாவின் 40-40-20 கணக்குக்கு வருவோம். 'க' தரத்தில் 96, விலையில் 90 என்றும், 'ச' தரத்தில் 94, விலையில் 85 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரிக்கு 88.3 போட்டால் 'க' மொத்தம் 91.7, 'ச' 87.9. டெலிவரியை 72 என்று திருத்தினால் 'க' 85.2-க்கு இறங்கி இரண்டாம் இடத்துக்குப் போகிறார். மேலே எவ்வளவு கவனமாக வெயிட்டேஜ் போட்டாலும், உள்ளே போகும் எண் தவறாக இருந்தால் வரிசையே மாறிவிடும்.

கிடங்கு_வாசல்

எங்கள் ஆபீசிலும் இதே தொந்தரவு இருந்தது சார். மொத்தக் கொள்முதலில் அந்தச் சப்ளையருக்கு எத்தனை சதவீதப் பங்கோ, அதை அவர் மதிப்பெண்ணோடு பெருக்கிப் போடுகிறோம். பெரியவருக்கு எடை அதிகம், சிறியவருக்குக் குறைவு. இதுவும் எடையிட்ட சராசரிதானே?

கணக்கு_நோட்டு

இல்லை, இதை உடனே நிறுத்துங்கள். கொள்முதலில் 60 சதவீதப் பங்குள்ள சப்ளையர் 70 மதிப்பெண் எடுத்தால் 42 வரும். 5 சதவீதப் பங்குள்ளவர் 98 எடுத்தாலும் 4.9தான். நீங்கள் அளப்பது யார் நன்றாகச் செய்கிறார்கள் என்பதை அல்ல, யாரிடம் அதிகம் வாங்குகிறீர்கள் என்பதை. ஒரு சப்ளையரின் மாதங்களைச் சேர்க்க அவருடைய சொந்த எண்ணிக்கைதான் எடை, வகுப்பதும் அதே எண்ணிக்கையின் கூட்டலால்தான். தரம், டெலிவரி, விலைக்கான எடை எல்லாச் சப்ளையருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கொள்முதல் பங்கு, 'நம் சப்ளையர்கள் மொத்தமாக எப்படி' என்று ஒரே எண் கேட்கும்போது மட்டும் உதவும்.

பிவட்_பிரியை

மாதச் சுருக்கத்தின் மேல் பிவட் டேபிள் போடுபவர்களும் கவனியுங்கள். சதவீதப் பத்தியை Average என்று வைத்தால் கிராண்ட் டோட்டலிலும் வரிகளின் எளிய சராசரிதான் வரும். டெலிவரி, நேரத்துக்கு வந்தவை இரண்டு பத்திகளையும் வைத்து Calculated Field போட்டால், பிவட் முதலில் இரண்டையும் கூட்டிவிட்டுத்தான் வகுக்கும். அதனால் 72 தானாகவே வந்துவிடும்.

பர்சேஸ்_டெஸ்க்

புரிந்தது, மிக்க நன்றி. இன்னொன்று: ஒரு சப்ளையருக்கு ஒரு மாதம் டெலிவரியே இல்லை. சதவீதப் பத்தியில் #DIV/0! வருகிறது. முன்பு இருந்தவர் IFERROR போட்டு 0 ஆக்கி வைத்திருக்கிறார்.

கணக்கு_நோட்டு

அந்த 0, AVERAGE-க்குள் போனால் ஒன்றும் தவறு செய்யாதவரின் மதிப்பெண் சரியும். அதற்குப் பயந்து 100 போடுபவர்களும் உண்டு, அதுவும் பொய்தான். எண்ணிக்கையைக் கூட்டி வகுத்தால் அந்த மாதம் இரண்டு பக்கமும் 0 சேர்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். SUMPRODUCT-தான் வேண்டுமென்றால், #DIV/0! கிடந்தால் விடையும் பிழையாகிவிடும். அந்தச் செல்லை "" ஆக்கி, மேலே உள்ளபடி கமா போட்டு எழுதுங்கள். கமாவுக்குப் பதில் * போட்டால் "" இருக்கும் இடத்தில் #VALUE! வரும்.

ஸ்டோர்ஸ்_கணக்கர்

எல்லாம் சரி, ஆனால் எடை டெலிவரி எண்ணிக்கையாகத்தான் இருக்க வேண்டுமா? 10 பீஸ் பெட்டி ஒன்று தாமதம், 5,000 பீஸ் லாட் ஒன்று தாமதம். இரண்டும் ஒன்றா? நாங்கள் அளவை எடையாக வைக்கிறோம்.

கணக்கு_நோட்டு

தர மதிப்பெண்ணுக்கு அளவுதான் சரி: ஏற்றுக்கொண்ட பீஸை வந்த பீஸால் வகுப்பது. டெலிவரிக்கு நான் எண்ணிக்கையையே வைப்பேன். அந்த 10 பீஸ் இல்லாமல் லைன் நின்ற நாளும் உண்டு.

ஸ்டோர்ஸ்_கணக்கர்

லைன் நிற்பதைத் தனியாகக் குறித்து, அதற்கு மதிப்பெண் கழிக்கலாமே. அதற்காக 5,000 பீஸைச் சின்னப் பெட்டியோடு சமமாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பர்சேஸ்_டெஸ்க்

இந்தக் காலாண்டுக்கு எண்ணிக்கையை வைத்து அனுப்புகிறேன். பக்கத்திலேயே மொத்த டெலிவரி எத்தனை என்றும் ஒரு பத்தி சேர்க்கிறேன். 'க' ஒரு கேள்வி கேட்பார் என்று தெரிகிறது: மூன்றாம் மாதம் 5-லிருந்து 40 ஆக ஆர்டரை ஏற்றியது நாங்கள்தானே என்பார். அதற்கு ரேட்டிங்கில் எப்படி இடம் கொடுப்பது? யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

கிடங்கு_வாசல்

லீட் டைமை விடக் குறைவான அவகாசம் கொடுத்த ஆர்டர்களை இரண்டு பக்கமும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் சிஸ்டத்தில் ஆர்டர் தேதி சரியாகப் பதிவாவதில்லை, அதனால் செய்து பார்க்க முடியவில்லை.