அண்ணத்தின் நடுவில் கல் மாதிரி ஒரு மேடு: யாருக்காவது இருக்கிறதா?

கீற்று:
ஒன்பது நாளைக்கு முன்னால் மொறுமொறுப்பாக எதையோ கடித்தேன், அதன் முனை அண்ணத்தில் குத்திவிட்டது. எரிச்சல் தாங்காமல் நாக்கால் தடவினால் நட்டநடுவில் ஒரு மேடு தட்டுப்பட்டது. கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன், பாதிக் கோலிக்குண்டைக் கவிழ்த்து ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது. மேலே தோல் வெளிறிப்போய், உச்சியில் சின்னதாக ஒரு புண். அழுத்தினால் வலி இல்லை, அசையவும் இல்லை. இரண்டு ராத்திரி தூங்கவில்லை, புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிட்டேன். பல் டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது டோரஸ், உங்க எலும்புதான், ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. தொட்டுப் பார்த்தே அப்படிச் சொல்லிவிட முடியுமா? உங்களில் யாருக்காவது இருந்தால் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

சாணை:
எனக்குக் கீழ்த்தாடையில், நாக்குப் பக்கம், இரண்டு புறமும் இருக்கிறது. ராத்திரி பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குத்தான் இது வரும், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. இரவில் போடும் பல் உறை வாங்கிப் போடுங்கள், கடிப்பது நின்றால் மேடும் கரைந்துவிடும். இல்லையென்றால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது, விட்டால் வளர்ந்துகொண்டே போகும்.

கடைவாய்:
நான் வாய், தாடை அறுவை சிகிச்சை செய்கிறவன். கீற்று, உங்கள் டாக்டர் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. டோரஸுக்கு அதன் இடமே பாதி அடையாளம். மேலே என்றால் அண்ணத்தின் நடுக்கோட்டில் வரும், கீழே என்றால் முன்கடைவாய்ப் பற்களுக்கு உள்பக்கம், பெரும்பாலும் இரண்டு புறமும் ஜோடியாக வரும். கல் போல இருக்கும், வலிக்காது, மேலே உள்ள தோல் சாதாரணமாக இருக்கும். அந்தத் தோல் மெல்லியது, எலும்போடு இழுத்து ஒட்டியிருப்பதால் வெளிறித் தெரியும். அது உள்ளே ஊடுருவிப் பரவும் கட்டி இல்லை, இருக்கிற எலும்பே கெட்டியாகப் புடைத்துக்கொண்டது, புற்றுநோயாகவும் மாறாது. எக்ஸ்ரே எடுத்தாலும் அடர்ந்த வெள்ளை நிழல்தான் தெரியும்.

நாங்கள் நின்று பார்ப்பது வேறு மாதிரி மேட்டை. நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கமாக, அண்ணத்தின் பின்பாதியில், ரப்பர் போல அமுங்கும் கட்டி இருந்தால் அங்குள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வந்திருக்கலாம். அதைச் சதை எடுத்துப் பரிசோதிக்காமல் விட மாட்டோம். சில வாரங்களில் வேகமாகப் பெருப்பது, மரத்துப்போவது, பக்கத்துப் பல் ஆடுவது, இவையும் டோரஸின் குணம் இல்லை.

சாணை, பல் கடிப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று பலர் நினைக்கிறோம், குறிப்பாகக் கீழ்த்தாடையில். ஆனால் கடிக்காதவர்களுக்கும் வருகிறது, குடும்பத்தில் பலருக்கு இருப்பதையும் பார்க்கிறோம். உறை போட்டால் பல் தேயாது, மேடு கரையாது. வளர்ச்சியும் வருடக் கணக்கில் மெதுவாக நடப்பது, பலருக்கு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். "சின்னதாக இருக்கும்போதே" என்ற ஒரே காரணத்துக்காக நான் கத்தி எடுத்ததில்லை.

மழைத்துளி:
எனக்கும் அதே பிரச்சினைதான்! நாக்குக்கு அடியில் ஒரு பக்கம் கட்டி, சாப்பிட உட்கார்ந்தால் வீங்கி வலிக்கிறது, அரை மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. அப்படியானால் இதையும் விட்டுவிடலாமா?

கடைவாய்:
இல்லை மழைத்துளி, உங்களுடையது வேறு. எலும்பு சாப்பாட்டு நேரத்தில் வீங்கி வடியாது. உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்தால் இப்படித்தான் இருக்கும். இந்த வாரமே காட்டுங்கள், காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றைக்கே போங்கள்.

தறி:
எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். எனக்குக் கீழே இரண்டு பக்கமும் பெரிதாக இருந்தது, நடுவில் நாக்குக்கு இடமே குறைவு. அப்படியும் பல வருடம் தொந்தரவு இல்லை. கீழ்க் கடைவாய்ப் பற்கள் போய், கழற்றி மாட்டும் பல்செட் போட வேண்டி வந்தபோதுதான் சிக்கல். பல்செட்டின் உள்கம்பி சரியாக அந்த மேட்டின் மேல்தான் உட்கார்ந்தது, ஒவ்வொரு தடவையும் புண். மூன்று முறை ராவிக் கொடுத்தும் சரிப்படவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள், முழு மயக்கம் இல்லை. ஈறை உள்பக்கம் பிரித்து, எலும்பின் மேல் பர் என்ற சுழலும் துளைப்பு முனையால் ஒரு பள்ளம் போட்டு, அதில் உளியை வைத்துத் தட்டினார்கள். வலி இல்லை, ஆனால் அந்தத் தட்டு மண்டைக்குள் கேட்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். துண்டு ஒரே சில்லாகப் பெயர்ந்து வந்தது. இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடித்தார்கள். மறுநாள் நாக்கின் அடிப்பக்கம் நீலம் பாரித்து வீங்கியது. மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள், அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு வாரம் கஞ்சி பதத்தில்தான் சாப்பாடு. ஆறு வாரம் கழித்துப் புதிதாக அளவெடுத்தார்கள். இப்போது பல்செட் உறுத்துவதில்லை.

வேலியோரம்:
எங்கள் அம்மாவுக்கு மேலண்ணத்தில், நான்கு முண்டாகப் பிரிந்து பெரிதாக இருந்தது. மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டாமல் ஆடியது, எடுத்துவிடலாம் என்று நாள்கூடக் குறித்துவிட்டோம். கடைசியாக மாத்திரைப் பட்டியலைப் பார்த்தபோதுதான் டாக்டர் நிறுத்தினார். அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆறு வருடமாக. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் தாடை எலும்பில் கை வைத்தால் அபூர்வமாகக் காயம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும்படி நின்றுவிடுமாம். அதனால் அறுவை சிகிச்சையைக் கைவிட்டு, அண்ணத்தைத் திறந்து விட்ட குதிரை லாடம் மாதிரி பல்செட் செய்து கொடுத்தார். பிடிமானம் கொஞ்சம் குறைவுதான், பசை போட்டு மாட்டுகிறார். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம் உண்டு.

கடைவாய்:
வேலியோரம், அம்மாவுக்குச் செய்தது நல்ல முடிவு. எலும்புத் தேய்மானத்துக்கே டெனோசுமாப், ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுகிறவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். டாக்டர் யோசனை இல்லாமல் அந்த மருந்தைத் தாங்களே நிறுத்திவிடுவதும் ஆபத்து, குறிப்பாக டெனோசுமாப். அந்த மருந்தில் இருப்பவர்களுக்கு டோரஸ் மேலே உள்ள மெல்லிய தோல் தானாகவே பிய்ந்து எலும்பு தெரிவதும் உண்டு, அதனால் வாயை அடிக்கடி காட்டிக்கொள்ள வேண்டும். மேலண்ணத்தில் எடுக்கும்போது இன்னொரு பயமும் உண்டு, அதன் மேலே இருப்பது மூக்கின் தரை. மொத்தமாக உளியால் பெயர்த்தால் ஓட்டை விழலாம், அதனால் துண்டு துண்டாக அறுத்து மெதுவாக எடுப்போம்.

கீற்று, உங்கள் புண்ணுக்கு: அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மற்ற இடத்தைவிட மெதுவாகத்தான் ஆறும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், கூரானதைத் தவிருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் திரும்பக் காட்டுங்கள். டோரஸ் இருப்பதால் அதன் மேல் வரும் எல்லாப் புண்ணும் சாதாரணம் என்று ஆகாது.

சாணை:
அப்போ வெட்டி எடுத்தால் திரும்ப வராதா?

தறி:
எனக்கு நான்கு வருடமாக வரவில்லை. ஆனால் எனக்குக் கீழே பல் பாதி இல்லை, நானும் கடிப்பவள் இல்லை. உங்கள் கதை வேறாக இருக்கலாம்.

கீற்று:
பன்னிரண்டாம் நாள் புண் மூடிவிட்டது. இப்போது தடவினால் வழவழவென்று இருக்கிறது. கடைவாய் சார் குடும்பத்தில் வரும் என்று சொன்னதால் நேற்று தங்கச்சி வாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவளுக்கும் அதே நடுக்கோட்டில், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று. அவளுக்கு அது இருப்பதே தெரியாது.