காந்திதாத்யூர் ஸ்பொந்தானே: தமிழில் என்ன சொல்லலாம்?

மாலதி:
அன்பர்களே, பாரிஸ் புறநகரில் நம் பிள்ளைகளுக்கு வேலை தேடும் வகுப்பு நடத்துகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நிறுவனம் ஆள் தேவை என்று அறிவிக்காதபோதே நாமாக எழுதிப் போடும் மின்னஞ்சலைப் பிரெஞ்சில் 'காந்திதாத்யூர் ஸ்பொந்தானே' என்கிறார்கள். இப்போதைக்குத் 'தன்னார்வ விண்ணப்பம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

ரவி:
சரிதான் அக்கா. சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் இவ்வளவு பெரிய கடிதம் என்பதுதான் புரியவில்லை.

மாலதி:
பார்த்தீர்களா, இதற்குத்தான் பயந்தேன். தம்பி, சம்பளம் உண்டு. விளம்பரம்தான் இல்லை.

சிவகுருநாதன்:
'ஸ்பொந்தானே'யின் வேர், 'தன் விருப்பால்' என்ற பொருளுடைய இலத்தீன் 'ஸ்பொந்தே'. 'காந்திதா' பகுதி வெண்மை. உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த ஆடை உடுத்தி வந்தார்கள். ஆகவே 'தன்விழை வெண்ணாடை' என்பதே நேர்ப்பொருள்! அது வேண்டாம், நம் புறத்துறையில் 'பரிசில் கடாநிலை' இருக்கிறதே. கடாவுதல் என்றால் கேட்டல். 'கடாமடல்' என்று ஆளலாம்.

ரவி:
கடா என்றால் எங்கள் ஊரில் கறிவிருந்து ஐயா.

நிர்மலா (லியோன்):
சொல்லை விடுங்கள், கடிதத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். கணக்காளர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் இல்லாததால் குறிப்பெண் கிடையாது. எந்த வேலை என்று நாமேதான் சொல்ல வேண்டும். தலைப்பு வரி இப்படி இருக்கும்:

```
Candidature spontanée – Assistant comptable – Prénom NOM
```

கடைசி இரண்டு சொற்களின் இடத்தில் நம் பெயர். உள்ளே 'மதாம், மொசியே' என்று தொடங்கி, பிரெஞ்சு ஆசிரியர்கள் சொல்லும் 'நீங்கள், நான், நாம்' வரிசையில் போக வேண்டும். முதல் பத்தி அவர்களைப் பற்றி. வருமான வரி, ஆண்டுக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஜனவரியிலிருந்து மே வரை இந்த அலுவலகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே அக்டோபர், நவம்பரில் எழுதி, அந்த நெருக்கடிக்குக் கை கொடுக்க வருகிறேன் என்று சொன்னால் படிப்பார்கள். இரண்டாம் பத்தியில் என்ன படித்தேன், எந்தக் கணக்கு மென்பொருளில் பழக்கம் என்பது போதும். மூன்றாவதில் நேரில் சந்திக்கக் கேட்பது. முடிவில் 'கோர்தியால்மான்'. தாளில் எழுதும் நீண்ட வணக்கத்தை மின்னஞ்சலில் போட வேண்டியதில்லை.

வழக்கமாகக் கெடுவது எங்கே தெரியுமா? பழைய கடிதத்தை நகலெடுத்து 'உங்கள் விளம்பரத்தைக் கண்டு' என்ற வரியை அழிக்க மறப்பது. எங்கள் அலுவலகத்துக்கு அப்படி வந்த ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் பெயரும் இருந்தது. இரண்டு வாரம் பார்த்துப் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம்.

ரவி:
அப்படியென்றால் எங்கே இடம் காலியாகும் என்று எப்படித் தெரியும்? நான் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒருவரும் எழுதவில்லை.

நிர்மலா:
அரசின் வேலைவாய்ப்பு நிறுவனமான 'பிரான்ஸ் திரவாய்' (2023 வரை 'போல் அம்ப்ளுவா') 'லா பொன் புவாத்' என்ற தேடுதளம் வைத்திருக்கிறது. விளம்பரம் இல்லாமலே ஆள் எடுக்க வாய்ப்புள்ள நிறுவனங்களைத் தொழில் வாரியாக, ஊர் வாரியாகக் காட்டும். அது ஊகம்தான், உறுதி இல்லை.

மாலதி:
நன்றி நிர்மலா, இது அப்படியே கையேட்டுக்குள் போகிறது. தலைப்புக்கு 'அழையா விண்ணப்பம்' எப்படி?

சிவகுருநாதன்:
அழையா விருந்தாளியின் நாற்றம் அடிக்கிறது. தவிர, 'அழையா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். விண்ணப்பம் யாரையும் அழைக்கவில்லையா, விண்ணப்பத்தை யாரும் அழைக்கவில்லையா?

நிர்மலா:
'அழையா விருந்தாளி'க்கு அந்தச் சந்தேகம் யாருக்கும் வந்ததில்லையே ஐயா. என் குறை வேறு: இது எழுதுபவரைத் தாழ்த்துகிறது. பிரெஞ்சுச் சொல்லில் அந்தக் கூச்சம் இல்லை. 'தன்முயற்சி விண்ணப்பம்' என்றால் வகுப்பில் விளக்கவே வேண்டாம்.

ரவி:
அதற்கு என் ஓட்டு.

சிவகுருநாதன்:
எந்த விண்ணப்பம்தான் தன்முயற்சி இல்லாதது? விளம்பரம் பார்த்து எழுதுகிறவன் அயலான் முயற்சியிலா எழுதுகிறான்? தவிர, 'விண்ணப்பம்' வடமொழி 'விக்ஞாபன'த்தின் வழி வந்தது. கடாமடலில் அந்தச் சிக்கலே இல்லை.

மாலதி:
ஐயா, உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'கடாமடல்' என்று பலகையில் எழுதினால் அன்றைய வகுப்பு சிரிப்பிலேயே போய்விடும். 'தன்முயற்சி விண்ணப்பம்' என்று போட்டு, பக்கத்திலேயே பிரெஞ்சு ஒலிப்பையும் கொடுக்கிறேன்.

சிவகுருநாதன்:
அச்சாகட்டும். இரண்டாம் பதிப்புக்கு இப்போதே எழுதி வைக்கிறேன்: கடாமடல்.