"மோட்டர் நின்றது" என்ற செய்தி போனுக்கு வர வேண்டுமா?

முத்தியால்பேட்டை (வேறு இழையில் எழுதியது):
"வீட்டில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் போனில் செய்தி வரட்டும். படிக்காமல் விடுவது வீட்டுக்காரர்களின் சோம்பல். சத்தத்தைக் கூட்டி வையுங்கள், தானாகப் படிப்பார்கள்."

கெடிலக்கரை:
என் அப்பா சோம்பேறி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் கீழே சம்ப், மாடியில் தொட்டி, நடுவில் 1 எச்பி மோட்டர். வீட்டுக் கருவிகளைக் கவனித்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்ட புதிதில் நானும் எல்லாவற்றுக்கும் செய்தி வைத்தேன். மோட்டர் ஓடியது, நின்றது, தொட்டி பாதி, தொட்டி நிறைந்தது, கேட் திறந்தது என்று ஒரு நாளைக்கு 40க்கு மேல் வந்தது. மூன்றாவது வாரம் அப்பா ஒரு செய்தியை அழுத்திப் பிடித்துச் சத்தத்தை அணைத்துவிட்டார். போன் செய்திகளை வகை வகையாகப் பிரித்து வைப்பது சேனல். எல்லாம் ஒரே சேனலில் போய்க்கொண்டிருந்ததால் எல்லாமே ஊமையானது. அடுத்த வாரம் சம்ப் வறண்டு மோட்டர் காலியாக ஓடியது. "மட்டம் ஏறவில்லை" என்று செய்தி போயிருக்கிறது. அப்பா போனில் அது சத்தமில்லாமல் கிடந்தது. மோட்டருக்குக் காயில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

இப்போது வேறு மாதிரி. தண்ணீர் ஏறும்போது மோட்டரை மாட்டிய ஸ்மார்ட் பிளக் 1000 வாட் அளவில் காட்டும், சம்ப் வறண்டால் 600க்கு இறங்கும். மோட்டர் ஓட ஆரம்பிக்கும் முதல் 20 விநாடியைக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 700க்குக் கீழே 30 விநாடி நின்றால் வீடே மோட்டரை நிறுத்திவிடும். அப்புறம்தான் செய்தி:

```yaml
action: notify.mobile_app_appa
data:
  title: "மோட்டரை நிறுத்தியாச்சு"
  message: "சம்பில் தண்ணீர் இல்லை. திறந்து பாருங்கள்."
  data:
    tag: motor
    channel: motor_abathu
    importance: high
```

இரண்டு மாதத்தில் இது இரண்டே முறை வந்தது. இரண்டு முறையும் அப்பா போய்ப் பார்த்தார்.

முத்தியால்பேட்டை:
சரி, மோட்டர் ஒழுங்காக ஓடி நின்ற அன்று என்ன செய்தி வரும்?

கெடிலக்கரை:
எதுவும் வராது.

முத்தியால்பேட்டை:
அங்கேதான் தப்பு. எதுவும் வராவிட்டால் மோட்டர் நின்றதா, உங்கள் ஹோம் அசிஸ்டன்ட் பெட்டியே செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? எங்கள் அம்மா காலை 6 மணிக்கு "மோட்டர் நின்றது" பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். அந்தச் செய்தி வேண்டும்.

தேவனாம்பட்டினம் அக்கா:
நான் நிரல் எழுதுகிறவள் இல்லை, செய்தி வாங்கிக் கஷ்டப்படுகிறவள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் அடித்த இரவு கரண்ட் போய், வெகுநேரம் கழித்து வந்தது. வந்த அந்த நிமிடம் முன்கதவு திறந்தது, பின்கதவு திறந்தது, மாடிக்கதவு திறந்தது என்று என் போன் அலறியது. வீட்டில் குழந்தையும் மாமியாரும் மட்டும். திருடன் என்று நினைத்து அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாக் கதவும் தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. இதற்கும் சோம்பல்தான் காரணமா தம்பி?

கெடிலக்கரை:
அக்கா, அது உங்கள் தப்பே இல்லை. கரண்ட் போனதும் சென்சார் `unavailable` என்று ஆகிவிடும். திரும்பி வந்ததும் ஏதோ ஒரு நிலைக்கு மாறும். "நிலை மாறினால் சொல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த மாற்றத்தையும் கதவு திறந்ததாக எடுத்துக்கொள்ளும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று இரண்டையும் எழுத வேண்டும்:

```yaml
trigger: state
entity_id: binary_sensor.munkathavu
from: "off"
to: "on"
```

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள்.

முத்தியால்பேட்டை:
கதவை விடுங்கள். "நின்றது" செய்திக்குப் பதில் எங்கே?

வில்லியனூர்:
எனக்கும் இதே பிரச்சினைதான். தொட்டியின் மேல்மூடியில் வைத்த அல்ட்ராசோனிக் சென்சார் விடியற்காலையில் தப்பான மட்டம் காட்டுகிறது. எந்த பிராண்ட் வாங்கலாம்?

கெடிலக்கரை:
தம்பி, இங்கே பேசுவது வேறு. ஆனாலும் சொல்கிறேன், மூடிக்கு உள்ளே நீர்த்துளி படிந்து சென்சாரின் முகத்தை மறைத்திருக்கும். ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள்.

வில்லியனூர்:
போன வருடம் நான் இதையே கேட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தால் சென்சாருக்குக் கொடுத்த காசாவது மிஞ்சியிருக்கும். ஃப்ளோட் சுவிட்ச் உப்புத்தண்ணீரில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் தெரியுமா உங்களுக்கு?

கெடிலக்கரை:
என் வீட்டில் ஒட்டவில்லை.

முத்தியால்பேட்டைக்கு வருகிறேன். பெட்டி செத்துவிட்டதா என்பதை அந்தப் பெட்டியே சொல்ல முடியாது. "நின்றது" வரவில்லை என்பதை உங்கள் அம்மா கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், வராமல் போகக்கூடிய ஒன்றை அவர் தினமும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் அப்படி இருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டும். என் பெட்டி 5 நிமிடத்துக்கு ஒருமுறை healthchecks.io என்ற தளத்தைத் தட்டும். 20 நிமிடம் தட்டவில்லை என்றால் அந்தத் தளம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். அது எனக்கு மட்டும்தான் வரும், அப்பாவுக்கு வராது. சரிசெய்யப் போவது நான்தானே.

முத்தியால்பேட்டை:
அப்படியானால் உங்களுக்கு மட்டும் நிம்மதி, எங்கள் அம்மாவுக்கு இல்லை. "நின்றது" வேண்டும் என்று கேட்பவருக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

கெடிலக்கரை:
கேட்பவருக்குக் கொடுங்கள், யார் தடுத்தது? உங்கள் அம்மா போனுக்கு மட்டும், சத்தமில்லாத தனிச் சேனலில், "ஓடுகிறது", "நின்றது" இரண்டுக்கும் ஒரே `tag` போட்டு. "ஓடுகிறது" என்ற வரியை அழித்து அதே இடத்தில் "நின்றது" வந்து உட்காரும், இரண்டாவது வரி சேராது. உங்கள் வீட்டில் எத்தனை போனுக்குப் போகிறது?

முத்தியால்பேட்டை:
ஐந்து.

கெடிலக்கரை:
ஒருவர் குளிக்க ஐந்து பேருக்குச் செய்தி.

முத்தியால்பேட்டை:
கூட்டுக் குடும்பம், ஐந்து பேரும் குளிப்பார்கள். கடலூர்க்காரர்கள் எங்களுக்குக் குடும்பம் நடத்தச் சொல்லித்தர வேண்டாம்.

தேவனாம்பட்டினம் அக்கா:
ஊர்ச் சண்டையை விடுங்கள். எங்கள் வீட்டில் சேனல் பிரித்தாயிற்று, ஆனால் நிரலில் importance-ஐ high என்று மாற்றியும் சத்தம் வரவில்லை. அவர் இரண்டு நாளாக முட்டி மோதுகிறார்.

கெடிலக்கரை:
பழைய சேனல் பெயரையே வைத்திருப்பார். ஆண்ட்ராய்டில் ஒரு சேனல் உருவானதும் அதன் சத்தம் போன் வைத்திருப்பவர் கைக்குப் போய்விடும். அதன் பிறகு நிரலில் எதை எழுதினாலும் போன் மதிக்காது. அது நல்லதுதான், இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆட்கள் அப்பா அணைத்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்போம். புதிய பெயரில் ஒரு சேனல் வைக்கச் சொல்லுங்கள். அல்லது உங்கள் போன் அமைப்பில் நீங்களே அந்தச் சேனலுக்குச் சத்தம் கொடுங்கள்.

தேவனாம்பட்டினம் அக்கா:
பெயரை மாற்றியதும் வந்துவிட்டது. ஆனால் இப்போது கேட் திறந்ததையும் அந்த ஆபத்துச் சேனலிலேயே அனுப்புகிறார். கேட்டால் "கேட்டும் முக்கியம்தானே" என்கிறார்.

கெடிலக்கரை:
அக்கா, அவரை இங்கே வரச் சொல்லுங்கள். போன் கத்தினால் யாராவது எழுந்து போய் எதையாவது செய்ய வேண்டும். பால்காரர் கேட்டைத் திறந்தால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

முத்தியால்பேட்டை:
பால் வந்தது என்று தெரியும். பால் எடுக்கப் போவார்கள். அதே மாதிரி "நின்றது" வந்தால் குளிக்கப் போவார்கள். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வில்லியனூர்:
உப்புத்தண்ணீருக்கு எந்த ஃப்ளோட் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கெடிலக்கரை:
முத்தியால்பேட்டை, அந்த ஐந்து போனில் எத்தனை போன் இப்போது சத்தம் அணைந்திருக்கிறது என்று இன்று இரவு வாங்கிப் பாருங்கள். அமைப்பில் அந்தச் செயலியைத் திறந்தால் சேனல் சேனலாகக் காட்டும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முத்தியால்பேட்டை:
பார்த்தேன். மூன்று அணைந்திருக்கிறது. அம்மாவுடையது அணையவில்லை. "நின்றது" இருக்கட்டும்.