புள்ளியிடைத் தூரமா, படவணு இடைவெளியா: மண்டபத் திரைக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

அன்புடையீர், வணக்கம். எங்கள் பகுதித் திருமண மண்டபம் ஒன்றின் மேடைக்கு 5 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட எல்.ஈ.டி. திரை பொருத்தப்படவுள்ளது. விலைமனுக் கோரும் ஆவணத்தின் தமிழ் வடிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒப்படைக்க வேண்டும். திரையின் ஒளிப்புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைக் குறிக்கும் பிக்சல் பிட்ச் என்பதற்குப் ‘படவணு இடைவெளி’ என்று எழுதியுள்ளேன். சந்தையில் கிடைப்பவற்றுள் 2.6, 3.9 மில்லிமீற்றர் ஆகிய இரண்டும் பரிசீலனையில் உள்ளன. முன்வரிசைக் கதிரைகள் திரையிலிருந்து 5 மீற்றரிலும் கடைசி வரிசை 24 மீற்றரிலும் இருக்கின்றன. நிர்வாக சபையினர் வாசித்தவுடன் பொருள் விளங்கும் சொல்லாக இருப்பது நல்லது.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், தெகிவளை

‘இடைவெளி’ பொருந்தாது, அம்மா. இடைவெளி என்றால் இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருண்டு கிடக்கும் பகுதி. இங்கே அளக்கப்படுவதோ ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரையுள்ள தூரம். விளக்கைச் சிறிதாக்கினால் இடைவெளி கூடும், ஆனால் இந்த அளவு மாறாது. திருகாணிக்குப் புரியிடைத் தூரம் என்று படித்த நாம் இதைப் ‘படவணு இடைத்தூரம்’ என்பதே முறை. அணு என்பது மேலும் பகுக்க இயலாதது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள் உள்ளே இருந்தாலும், படத்தைப் பொறுத்தவரை அவை சேர்ந்து ஒரே அலகுதான்.

தமிழாசிரியை, கொட்டாஞ்சேனை

அணு என்றவுடன் என் மாணவர்கள் இரசாயனவியலுக்குப் போய்விடுவார்கள், ஐயா. கோலமிடும் வீடுகளில் புள்ளிகளுக்கிடையே எவ்வளவு தூரம் விடுவது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ‘புள்ளியிடைத் தூரம்’ போதும். தெரிவைப் பொறுத்தவரை, கடைசி வரிசையினருக்கும் எழுத்துத் தெளிய வேண்டுமென்றால் 2.6 தானே வேண்டும்?

திரை அமைப்பாளர், கிராண்ட்பாஸ்

சொல்லில் ஆசிரியையுடன் உடன்படுகிறேன்; காரணத்தில் இல்லை. கடைசி வரிசைக்கு வேண்டியது பெரிய எழுத்து. 24 மீற்றருக்கு எழுத்தின் உயரம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். 3.9 திரையில்கூட அவ்வுயரத்துக்குள் முப்பது புள்ளிகள் அடங்கும் என்பதால், மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் சிதையாது.

நுண்மை தேவைப்படுவது முன்வரிசைக்கே. கூர்மையான கண் புள்ளிகளைப் பிரித்தறியாமற் போகும் தூரம், மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3.4 மீற்றர்: 3.9 திரைக்கு 13 மீற்றர், 2.6 திரைக்கு 9 மீற்றர். அந்த எல்லை அசையாத, கூரிய விளிம்புள்ள எழுத்துக்கு உரியது. அசையும் படங்களுக்கு மில்லிமீற்றருக்கு 2 மீற்றர் இருந்தாலே கண் உறுத்தாது என்பது எங்கள் தொழிலில் கொள்ளும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 3.9 க்கு 8 மீற்றரும், 2.6 க்கு 5 மீற்றருக்குச் சற்று மேலும் வேண்டும். உங்கள் முன்வரிசை 2.6 இன் விளிம்பில்தான் நிற்கிறது.

ஆனால் அதே பரப்பில் 2.6 திரைக்கு இரண்டேகால் மடங்கு புள்ளிகள் வேண்டும். விலையும் அந்தப் பக்கமே சாயும். முதல் வரிசைகளை 8 மீற்றருக்குப் பின்தள்ள முடியுமானால் நான் 3.9 ஐயே சிபாரிசு செய்வேன். திரை என்பது பல பெட்டிகளை அடுக்கிப் பொருத்துவதுதான்; முடிவுக்கு முன் இரு வகையிலும் ஒவ்வொரு பெட்டியை மண்டபத்தில் ஏற்றி, மணமக்கள் பெயரைத் தமிழில் காட்டி, முன்வரிசையில் அமர்ந்து பாருங்கள். காட்சியறையில் பார்த்தது மண்டபத்துக்கு உதவாது.

திருமணப் படப்பிடிப்பாளர், பம்பலப்பிட்டி

கதிரைகளைத் தள்ளலாம்; மணவறையைத் தள்ள முடியுமா? மணமக்கள் திரைக்கு ஒரு மீற்றர் முன்னே அமர்கிறார்கள். பின்னால் 3.9 திரை எரிந்த ஒரு திருமணத்தில், படங்களெங்கும் அலையலையான கோடுகள் விழுந்தன. கமராவின் புள்ளிக் கட்டமும் திரையின் புள்ளிக் கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வரும் கோலம் அது. பின்னர் திருத்துவது பெரும்பாடு. ஆகவே என் வாக்கு 2.6 க்கு. சொல் எதுவானாலும், நான் கடையில் ‘பிட்ச்’ என்றுதான் கேட்பேன்.

திரை அமைப்பாளர், கிராண்ட்பாஸ்

அது நியாயமான கவலை. எனினும் 2.6 அதைக் குறைக்குமே தவிர நீக்காது. கமரா நெருங்கினால் மீண்டும் வரும். மணவறையைத் திரையிலிருந்து 3 மீற்றர் முன்னே கொண்டுவந்து, பின்புலம் மங்கும்படி கமரா வில்லையின் துவாரத்தை அகலத் திறந்து வைத்தால் இரு வகையிலும் பெருமளவு தணியும். ஆனால் மேடையின் ஆழம் அதற்கு இடங்கொடுக்குமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

மேடையின் ஆழம் 4 மீற்றர். மணவறையை அவ்வளவு முன்னே கொண்டுவந்தால் ஐயர் அமர இடமிராது. முன்வரிசை முதியோருக்கு உரியதென்பதால் கதிரைகளைத் தள்ளவும் சபை இணங்கவில்லை. ஆகவே இரண்டு வகைக்கும் விலை கேட்டு, மண்டபத்தில் மாதிரிப் பெட்டி காட்டுவதை நிபந்தனையாக்கியுள்ளேன். ஆவணத்தில் ‘புள்ளியிடைத் தூரம் (மையத்திலிருந்து மையம் வரை)’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், தெகிவளை

அடைப்புக்குறிக்குள் மையத்தைச் சேர்த்தமைக்கு நன்றி, அம்மா. ஆயினும் அச்சுத் தொழிலிலும் புள்ளி உண்டு, எழுத்திலும் புள்ளி உண்டு; படத்தின் அலகுக்குத் தனிச்சொல் வேண்டும் என்ற என் கருத்து அப்படியே நிற்கிறது. அடுத்த பதிப்பிலாவது படவணுவைப் பரிசீலியுங்கள்.