புதுப்பிப்பு: அந்தக் கிளப் பாட்டு பாதி சிக்கிடுச்சு

முன்னாடி கேட்டது: "லண்டன் கிளப்புல போன சனிக்கிழமை போட்டது, 19 செகண்ட் கிளிப்தான் இருக்கு. குரல் இல்ல. ஷஸாம் கைவிரிச்சிடுச்சு. என்ன பாட்டு?"

ராபின் எஸ் பாடின 'ஷோ மீ லவ்', ஸ்டோன்பிரிட்ஜ் ரீமிக்ஸ்தான் அடித்தளம்.

கிளிப்புல கிக் உறுமி மத்ததை எல்லாம் அமுக்கிடுது. ஒரு அண்ணன் சொன்னபடி அடி அதிர்வெண்களோட சத்தத்தைக் குறைச்சு ஹெட்போன்ல கேட்டேன். அப்பதான் பேஸ் தனியா வந்துச்சு: மரப்பெட்டியைத் தட்டுற மாதிரி 'டொக்'னு ஆரம்பிச்சு, இழுக்காம அறுந்துடுது. அது கோர்க் எம்1 கீபோர்டோட Organ 2 ஒலியாம்.

"எம்1 ஆர்கன்னாலே ஷோ மீ லவ்தான்"னு ஒரு தம்பி அடிச்சுச் சொன்னார். விடை சரி, காரணம் பாதிதான். அந்த ஒலியை எத்தனையோ ஹவுஸ் பாட்டுல கேக்கலாம். எனக்கு உறுதியானது பேஸோட நடை. கிளிப் 126 பிபிஎம்ல ஓடுது, ரீமிக்ஸ் சுமார் 120. வேகத்தை 5 சதவீதம் குறைச்சுப் பக்கத்துல ஓடவிட்டா, எந்தக் கிக்குக்கு நடுவுல எந்த சுரம் விழுதுங்கறது வரைக்கும் ஒத்துப்போகுது.

"ஷஸாமுக்கு நெட் இல்லாம இருந்திருக்கும்"னு சொன்ன அக்காவுக்கு: நெட் இருந்துச்சுக்கா!

டிராப்தான் இடிக்குது. எல்லாம் நின்னு, ஒரு கரகர சின்த் மட்டும் வெடிக்குது. ரீமிக்ஸ்ல அது கிடையாது. யாரோ பண்ணின எடிட்டா, டிஜே அங்கேயே இன்னொரு பாட்டை மேல ஏத்தினாரான்னு இன்னும் தெரியல. அந்த சின்த் யாருக்காவது பிடிபடுதா?