B-யும் C-யும் ஒரே வேகத்தில் ஏறுகின்றன, அளவு மட்டும் ஏன் 3:1?

வினோதினி, ஜாலஹள்ளி:
எம்.எஸ்சி. பிராக்டிகலில் A என்ற பொருள் ஒரே சமயத்தில் B ஆகவும் C ஆகவும் உடைகிறது. இரண்டு பாதையும் முதல் வகை வினை. எடை போட்டுக் கரைத்த A 0.40 மோலார். கடைசியில் B 0.27, C 0.09. C-யின் வளைகோட்டிலிருந்து k கண்டால் நிமிடத்துக்கு 0.0693 வருகிறது, B-யிலிருந்து கண்டாலும் அதேதான். இரண்டுக்கும் ஒரே k என்றால் சரிபாதியாக அல்லவா வர வேண்டும்? எங்கே தப்பு?

செந்தில்:
C-யின் வளைகோட்டை மறுபடி எடுங்கள். மொத்த k 0.0693 என்றால் 3:1-ல் பிரித்து k1 = 0.052, k2 = 0.0173. k2-வுக்கு அரைவாழ்வு காலம் 40 நிமிடம். அதனால் C தன் கடைசி அளவில் பாதியைத் தொட 40 நிமிடம் ஆக வேண்டும். உங்களுக்கு 10 நிமிடத்திலேயே தொட்டிருக்கிறது. B-யின் சிக்னல் C-யோடு கலந்திருக்கும்.

அல்சூர் கண்ணன்:
என் மகனுக்கு கோச்சிங்கில் இதே கணக்கு வந்தது. B முதலில் ஏறி, ஒரு உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கும். அந்த உச்ச நேரத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. அதைப் போட்டுப் பாரும்மா.

மல்லேஸ்வரம் வாத்தியார்:
கண்ணன் சார், அது A-யிலிருந்து B, B-யிலிருந்து C என்று வரிசையாகப் போகும் வினை. இங்கே இரண்டுமே A-யிலிருந்து நேராகப் பிறக்கின்றன. B இறங்கக் காரணமே இல்லை.

செந்தில், k1, k2 பிரித்தது வரைக்கும் சரி, 40 நிமிடம்தான் சரியில்லை. C உருவாகும் வேகம் எந்த நொடியிலும் k2 × [A]. அதில் காலத்தோடு மாறுவது [A] ஒன்றுதான். அந்த A-யை k1-ம் k2-ம் சேர்ந்து தின்கின்றன. 10 நிமிடத்தில் A பாதியாகிவிடும். 40 நிமிடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்கு மேல் C-க்குப் பாதி அளவு வர A எங்கே இருக்கிறது? A தீரும்போது இரண்டு பாதையும் ஒன்றாகவே ஓய்ந்துவிடும்.

```
[C] = [A]0 × k2/(k1+k2) × (1 − exp(−(k1+k2)t))
```

அடுக்கில் இருப்பது கூட்டுத்தொகை. முன்னால் நிற்கும் பின்னத்தில்தான் k2 தனியாக வருகிறது. வினோதினி, நீ B, C வளைகோடுகளின் வடிவத்திலிருந்து எடுத்தது இரண்டு தடவையும் k1+k2. 3:1 தெரிவது உயரத்தில், இல்லாவிட்டால் ஆரம்பச் சரிவில்.

செந்தில்:
அப்படியானால் அணுக்கரு அட்டவணைகளில் ஒவ்வொரு பாதைக்கும் தனி அரைவாழ்வு காலம் போடுகிறார்களே, அது என்ன? இல்லாத ஒன்றையா போடுகிறார்கள்?

மல்லேஸ்வரம் வாத்தியார்:
மற்ற பாதையை அடைத்துவிட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அந்த எண். k2-வையே காலமாக எழுதிய கணக்கு. அடைக்க முடியாத இடத்தில் எந்த அளவீட்டிலும் அது நேரடியாகத் தெரியாது.

பொட்டாசியம்-40 எடுத்துக்கொள்ளுங்கள். அரைவாழ்வு காலம் 125 கோடி ஆண்டு. சிதைவதில் ஏறக்குறைய 89.3 சதவீதம் கால்சியம்-40 ஆகிறது, 10.7 சதவீதம் ஆர்கான்-40 ஆகிறது. ஆர்கான் பாதைக்கு மட்டும் கணக்கிட்டால் சுமார் 1,170 கோடி ஆண்டு வரும். ஆனால் பாறைக்குள் ஆர்கான் சேர்வது 125 கோடிக் கணக்கில்தான்.

லால்பாக் குன்று மாதிரி 300 கோடி ஆண்டுப் பழைய பாறை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்கான் துளியும் தப்பவில்லை என்றும் வைத்துக்கொள்வோம் (நிஜத்தில் பாறை சூடானால் தப்பிவிடும்). பொட்டாசியம்-40-ல் 19 சதவீதம் மிச்சம், 81 சதவீதம் சிதைந்திருக்கும். அந்த 81-ல் ஆர்கான் ஆனது 8.7. ஆகவே ஆர்கானுக்கும் மிஞ்சிய பொட்டாசியம்-40-க்கும் விகிதம் 0.46. சிதைந்ததெல்லாம் ஆர்கான்தான் என்று நினைத்து 125 கோடியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வயது 68 கோடி என்று வரும். மொத்த மாறிலியும் வேண்டும், கிளைப் பங்கும் வேண்டும். ஒன்றை விட்டால் முக்கால் வயது போய்விடுகிறது.

செந்தில்:
சரி, வளைகோட்டின் வடிவம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். k1 = 0.052, k2 = 0.0173 என்பதில் மாற்றம் இல்லையே?

பீன்யா கெமிஸ்ட்:
அதில்தான் எனக்குச் சந்தேகம். 0.27-ஐயும் 0.09-ஐயும் கூட்டினால் 0.36. தங்கச்சி போட்டது 0.40. மீதி 0.04 எங்கே போனது?

3:1 சொல்வது k1/k2 என்ன என்பதை மட்டும். மூன்றாவதாக ஒரு பாதை இருந்து, அதில் வருவது நம் கருவியில் தெரியாமல் போனால், 0.0693 என்பது k1+k2+k3. அப்போது B-யை B+C-யால் வகுக்கக் கூடாது, தொடக்க A-யால் வகுக்க வேண்டும். 0.27/0.40 என்றால் k1 = 0.0468, அதேபோல k2 = 0.0156, காணாமல் போகிற k3 = 0.0069. 3:1 அப்படியே இருக்கும், எண்கள் பத்து சதவீதம் குறையும். மருந்து ஸ்டெபிலிட்டி வேலையில் நாங்கள் முதலில் பார்ப்பதே இந்தக் கூட்டுத்தொகையைத்தான். இரண்டு இம்ப்யூரிட்டியின் விகிதம் அழகாக நிற்கும், மூன்றாவது ஒன்று ஆவியாகப் போயிருக்கும்.

செந்தில்:
மூன்றாவது பாதைதான் என்று எப்படிச் சொல்வீர்கள்? A-யிலேயே பத்து சதவீதம் ஈரமோ கலப்போ இருந்திருக்கலாம். எடை போட்டது 0.40, நிஜ A 0.36. அப்படியானால் 0.052 சரிதான்.

பீன்யா கெமிஸ்ட்:
நியாயமான கேள்வி. காணாமல் போனது எப்போது போனது என்று பார்த்தால் தெரிந்துவிடும். A-யே குறைவாக இருந்தது என்றால், முதல் நிமிடத்திலிருந்தே A+B+C 0.36-ல் நிற்கும். மூன்றாவது பாதை என்றால் 0.40-ல் தொடங்கி, 10 நிமிடத்தில் 0.38 ஆகி, கடைசியில் 0.36-ல் வந்து நிற்கும். B-யோ C-யோ பிற்பாடு கெட்டால் கடைசி அளவு நிலையாக நிற்காது, இறங்கிக்கொண்டே போகும். விகிதமும் அநேகமாக நகரும்.

வினோதினி, ஜாலஹள்ளி:
விகிதம் நகரவில்லை அண்ணா. 10 நிமிடத்தில் B 0.135, C 0.045. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டும் அசையவே இல்லை. A-யை மட்டும் அளக்கவில்லை, அதன் பீக் கரைப்பானின் பீக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

பீன்யா கெமிஸ்ட்:
அப்படியானால் பிற்பாடு கெடுவதை விட்டுவிடலாம். மற்ற இரண்டிலும் B-யும் C-யும் ஒரே எண்ணைத்தான் காட்டும். A-யை அளக்காமல் அவற்றைப் பிரிக்க முடியாது.

மல்லேஸ்வரம் வாத்தியார்:
அதற்கு முன்னால் இன்னொன்று. B, C மோலார் அளவுகள் தனித்தனி அளவுத்திருத்தக் கோட்டிலிருந்து வந்தவையா, இல்லை பீக் பரப்பை அப்படியே போட்டதா? ஒரே அளவு B-யும் C-யும் ஒரே பரப்பைத் தராது. பரப்பைத்தான் போட்டிருந்தால் 3:1-ஐயே நம்ப முடியாது, 0.04 இல்லாத கணக்காகவும் இருக்கலாம். 0.0693 மட்டும் அப்போதும் நிற்கும், ஏனென்றால் வடிவத்துக்கு அளவுத்திருத்தம் தேவையில்லை.

வினோதினி, ஜாலஹள்ளி:
B-க்குக் கோடு போட்டோம். C தூய்மையாகக் கிடைக்காததால் B-யின் கோட்டையே அதற்கும் வைத்துக்கொண்டோம் சார்.

செந்தில்:
அப்படியானால் 0.09-ஐ வைத்து இதுவரை பேசியதெல்லாம் காத்திருக்கட்டும். B 0.27 மட்டும் உறுதி. எடை போட்ட 0.40 நிஜமாகவே A என்று தெரிந்தால் k1 = 0.0468. மிச்சம் 0.0225 முழுவதும் C-யுடையதா, பாதி வேறெங்கோ போனதா என்பதை C-யின் கோடு வந்த பிறகுதான் சொல்ல முடியும்.

பீன்யா கெமிஸ்ட்:
கரைப்பானின் விகிதத்தைக் கொஞ்சம் மாற்றி A-யின் பீக்கைத் தள்ளிக் கொண்டுவா. கலந்த உடனே ஒரு மாதிரி, 10 நிமிடத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, மூன்று போதும். எண்களை இங்கேயே போடு, பார்ப்போம்.