வேகமான எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் லோட் ஆகிறதா? உங்கள் அனுபவம்

செந்தில், உட்லண்ட்ஸ்
சிம் லிம் ஸ்குவேரில் 2 டிபி ஜென்4 என்விஎம்இ வாங்கிப் போட்டேன். ஏற்கெனவே ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. பால்டர்ஸ் கேட் 3-ஐ மூன்றிலும் மாற்றி வைத்து, ஒரே சேவ் கோப்பைத் திறந்து ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். சாட்டாவில் 24 விநாடி, புதியதில் 20. பெட்டியில் விநாடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருக்கிறது, சாட்டாவோ 550-ஐத் தாண்டாது. மிச்ச வேகம் எங்கே போயிற்று?

ரவி
மதர்போர்டு ஸ்லாட் ஜென்3 ஆக இருக்கும் அண்ணே. பாதி வேகம்தான் கிடைக்கும்.

கலா, தெம்பனிஸ்
ஸ்லாட் ஜென்3 என்றால் பாதியாகும், அது சரிதான் தம்பி. ஆனால் அந்தப் பாதியே சாட்டாவைப்போல் ஆறு மடங்கு ஆயிற்றே! லோட் ஆகும்போது Task Manager-ஐத் திறந்து டிஸ்க்கைப் பாருங்கள். பெட்டியில் உள்ள எண், பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிப்பதற்கானது. கேம் கொஞ்சம் படிக்கும், சுருக்கி வைத்ததைச் சிபியு விரித்து முடிக்கும்வரை நிற்கும், அப்புறம் மீண்டும் படிக்கும். ஹார்ட் டிஸ்க் திணறுவது வேறு காரணத்தால்: கோப்பின் துண்டுகளைத் தேடி அதன் முள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு அளந்தீர்களா? இரண்டாம் முறை விண்டோஸ் ரேமிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும்.

செந்தில்
செய்தேன் அக்கா. இப்போது Task Manager-ம் பார்த்தேன். டிஸ்க் அவ்வப்போது துள்ளுகிறது, பாதி நேரம் சும்மாதான் கிடக்கிறது.

நூர்
என் மகனுடைய பிஎஸ்5-இல் யுஎஸ்பி டிஸ்க் மாட்டினேன். பிஎஸ்4 கேம் ஓடுகிறது, பிஎஸ்5 கேமை வைக்கலாமாம், விளையாட முடியாதாம்! இதற்கும் அதே காரணமா?

கலா
இல்லை, அது சோனி வைத்த விதி. உள்ளே எம்.2 போட்டால் ஓடும்.

செந்தில், ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட் மாதிரி ஓடும்போதே உலகத்தை இழுத்துவரும் கேம்களை என்விஎம்இயில் வையுங்கள். பால்டர்ஸ் கேட் சாட்டாவிலேயே இருக்கட்டும், நாலு விநாடிக்காக 150 ஜிபி இடத்தைக் கொடுப்பானேன்? பழைய கேம்கள் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகலாம், அடிக்கடி அப்டேட் வருவதைத் தவிர. ஸ்டீமில் சிறு பேட்ச்கூடப் பெரிய கோப்பைத் திரும்ப எழுதும். டவுன்லோட் முடிந்தும் ஹார்ட் டிஸ்க் உருட்டிக்கொண்டே இருக்கும். மாற்ற Properties, Installed Files, Move install folder. எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள், எழுதும் வேகம் படுத்துவிடும்.

ரவி
டைரக்ட்ஸ்டோரேஜ் எல்லா கேமிலும் வந்தால் ஜென்4தானே ஜெயிக்கும்?

கலா
வரட்டும் பார்ப்போம் லா. இப்போதைக்குக் கையளவு கேமில்தான் இருக்கிறது.